வாரம் 29 மணியா, மாதம் 130 மணியா, ஆண்டு 1,560 மணியா: ஷிப்ட் போடும்போது எந்தக் கணக்கைப் பிடிப்பது?

குடியாத்தத்தில் பிறந்து டெக்சாஸில் இரண்டு உணவகமும் ஒரு விருந்து மண்டபமும் நடத்தும் ஒரு அண்ணனுக்கு, சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் அலுவலகம் சம்பளக் கணக்கும் ஷிப்ட் அட்டவணையும் பார்த்துக் கொடுக்கிறது. ஒரு திங்கட்கிழமை மாலை ஆறரை மணி, அங்கே காலை எட்டு. போனில் அவர் சொன்னது இதுதான்: "இன்சூரன்ஸ் கணக்குல வராத ஆளுங்க யாருக்கும் வாரத்துக்கு 29 மணிக்கு மேல ஷிப்ட் போடாதீங்கப்பா. அதோட பிரச்சினை முடிஞ்சிடும்."

முடியாது என்பதை அவருக்கு எண்களோடு காட்ட எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலூரிலிருந்து பேரோல் வேலை செய்யும் வேறு பலருக்கும் இதே கேள்வி வரும் என்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லைக்கோடு எது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அஃபோர்டபிள் கேர் சட்டப்படி, முந்தைய ஆண்டில் சராசரியாகக் குறைந்தது 50 முழுநேர ஊழியர்கள் இருந்த முதலாளி தன் முழுநேர ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு தர முன்வர வேண்டும். இல்லையென்றால் அபராதம் வரலாம். அந்த 50இல் பகுதிநேரக்காரர்களும் மறைமுகமாகச் சேருவார்கள். அவர்களின் மாத மணிகளைக் கூட்டி 120ஆல் வகுத்து வரும் எண்ணை முழுநேர ஆட்களோடு கூட்ட வேண்டும். அண்ணனிடம் முழுநேரம் 34 பேர், பகுதிநேரம் 36 பேர். பகுதிநேரத்தில் ஆளுக்கு மாதம் 100 மணி என்று வைத்தால் 3,600ஐ 120ஆல் வகுக்க 30 வருகிறது. 34ம் 30ம் சேர்ந்து 64. ஆக, சட்டம் அவருக்குப் பொருந்துகிறது.

யார் முழுநேரம் என்பதற்கு அந்தச் சட்டம் சொல்லும் அளவு, வாரத்துக்குச் சராசரியாக 30 மணி அல்லது மாதத்துக்கு 130 மணி. நம் ஊரில் இதைப் புரியவைப்பது கடினமில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் சொந்தக்காரர்கள் வேலை செய்த வீடுகளில் 480 நாள் கணக்கு தெரிந்திருக்கும். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே நாள் கணக்கு, அங்கே மணிக் கணக்கு. கோட்டைத் தாண்டியதும் தொழிலாளியின் உரிமை மாறிவிடுகிறது என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

"சராசரியாக" என்ற அந்தச் சொல்லை எந்தக் காலத்துக்கு எடுப்பது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

அண்ணன் சொன்ன 29 மணி உச்சவரம்பு சட்டத்தில் இருக்கும் ஒரு முறையே அல்ல. மேலாளர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட வேலி அது. அதன் நல்ல பக்கத்தை மறுக்க மாட்டேன். சமையற்கட்டில் நின்றுகொண்டே ஷிப்ட் போடும் மேலாளருக்குக்கூட அது புரியும், எந்த ஷீட்டும் தேவையில்லை. அதில் இருக்கும் ஓட்டை, அது ஒரு கிளையின் அட்டவணையில் தெரியும் மணியை மட்டும் பார்க்கிறது என்பது. சட்டம் எண்ணுவது அட்டவணையை அல்ல. வேலை செய்த ஒவ்வொரு மணியும், வேலை செய்யாமலே சம்பளம் கொடுத்த ஒவ்வொரு மணியும் கணக்கில் வரும். சம்பளத்துடன் கூடிய விடுமுறை, நோய் விடுப்பு, பண்டிகை விடுப்பு, ஜூரி கடமைக்குப் போன நாளின் சம்பளம் எல்லாம் சேரும். ஒரே உரிமையாளரின் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை செய்த மணிகளும், அவை ஒரே கட்டுப்பாட்டில் உள்ள குழுமம் என்று சட்டம் கருதும் அளவுக்கு உரிமை பொதுவாக இருந்தால், ஒன்றாகக் கூட்டப்படும்.

இரண்டாவது வழி, மாதக் கணக்கு. ஒவ்வொரு காலண்டர் மாதத்தையும் தனியாகப் பார்த்து, 130 மணியைத் தொட்டவர் அந்த மாதத்துக்கு முழுநேரம் என்று கொள்வது. வேலை நேரம் பெரிதாக மாறாத இடத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். எங்களின் இன்னொரு வாடிக்கையாளர் ஒரு மோட்டல் நடத்துகிறார். அங்கே அறை சுத்தம் செய்பவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு எட்டு மணி, ஆண்டு முழுவதும் அப்படியே. அங்கே மாதக் கணக்கே போதும், வேறெதுவும் வீண் வேலை.

உணவகத்தில் அது கடிக்கும். 29 மணி வேலி மாதக் கணக்கில் காப்பாற்றும் என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். 31 நாள் மாதத்தில் 29 மணி வீதம் போட்டால் 128 மணிதானே வருகிறது! ஆனால் அந்தக் கணக்கு, வேலை ஏழு நாளிலும் சமமாகப் பரவியிருந்தால் மட்டுமே சரி. உணவகத்தில் பகுதிநேரக்காரர்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறுதான் வருவார்கள். வெள்ளி 9 மணி, சனி 10, ஞாயிறு 10 என்று ஒருவருக்கு வாரம் 29 மணி போட்டிருந்தோம். 2025 ஆகஸ்ட் ஒரு வெள்ளிக்கிழமையில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு. மாதத்தின் கூட்டு 145 மணி. ஒரு வாரமும் 29ஐத் தாண்டாமல் அவர் 130ஐத் தாண்டியிருந்தார்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு மாற்று உண்டு. மாதத்தைக் காலண்டர்படி எண்ணாமல் வாரங்களாக எண்ணலாம். நான்கு வார மாதத்துக்கு 120 மணி, ஐந்து வார மாதத்துக்கு 150 மணி கோடு. அப்படிப் பார்த்தால் அவருடைய 145 கோட்டுக்குக் கீழே நிற்கும். ஆனால் இதை முன்கூட்டியே தீர்மானித்து, ஒரு வகை ஊழியர் எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டும். ஒரு மாதம் தாண்டிவிட்டது என்று தெரிந்த பிறகு எண்ணும் முறையை மாற்றிக்கொள்ள முடியாது. மாதக் கணக்கின் பெரிய குறை இன்னொன்று. மாதம் முடிந்த பிறகுதான் ஒருவர் முழுநேரமா என்பது உறுதியாகும், காப்பீடோ அந்த மாதத்தில் அவர் கையில் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழிதான் அண்ணனுக்கு நாங்கள் பரிந்துரைத்தது. லுக்-பேக் என்பார்கள். பின்னோக்கி அளப்பது. முதலாளி 3 முதல் 12 மாதம் வரை ஓர் அளவீட்டுக் காலத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தக் காலம் முழுவதற்கும் சராசரி எடுத்து, வாரம் 30 வந்தால், அடுத்து வரும் நிலைக் காலம் முழுவதும் அந்த ஊழியரை முழுநேரமாக நடத்த வேண்டும், அப்போது அவர் எத்தனை மணி வேலை செய்தாலும் சரி. இரண்டுக்கும் நடுவில், ஆட்களைக் கண்டறிந்து காப்பீட்டுப் படிவம் கொடுக்க 90 நாள் வரை நிர்வாகக் காலம் கிடைக்கும். நாங்கள் வைத்தது நவம்பர் தொடக்கம் முதல் அக்டோபர் இறுதி வரை அளவீடு, நவம்பரும் டிசம்பரும் நிர்வாகம், ஜனவரி முதல் டிசம்பர் வரை நிலைக் காலம். இரு வாரச் சம்பளம் என்பதால் அளவீட்டுக் காலத்தைச் சம்பள வாரங்களோடு பொருத்தி 52 வாரமாக்கிக்கொண்டோம். 52ஐ 30ஆல் பெருக்கினால் 1,560. சரியாக 1,560 வந்தாலும் முழுநேரம்தான். ஆகவே கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் கடைசி முழு எண் 1,559.

இந்த முறையின் வலிமை, கோடு தொலைவில் இருப்பதும், அதற்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எந்த வாரத்திலும் சொல்ல முடிவதும்தான். எங்கள் ஷீட்டில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு வரி. C இதுவரை வந்த மொத்த மணி, D அளவீட்டில் எண்ணும் வாரங்கள், E மிச்ச வாரங்கள், F இனி வாரத்துக்குப் போடக்கூடிய மணி.

```
C2: =SUMIFS(Hours!E:E,Hours!A:A,A2)
F2: =(30*D2-1-C2)/E2
```

முதல் வரி பார்க்க எளிது, ஆனால் எல்லாத் தப்பும் அங்கேதான் நடக்கும். `Hours` தாளில் அந்த அளவீட்டுக் காலத்தின் மணி மட்டுமே இருக்க வேண்டும், ஊழியர் எண் மூன்று கிளைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு கம்பெனிப் பெயரில் அவருக்கு இரண்டு எண் இருந்தால், அவர் ஷீட்டில் இரண்டு பகுதிநேரக்காரராகத் தெரிவார்.

ஆகஸ்டில், 40 வாரம் முடிந்தபோது, இரண்டு பேருடைய வரிகளைத்தான் அண்ணனுக்கு அனுப்பினோம்.

முதலாமவர் சமையற்கட்டு உதவியாளர், நடுத்தர வயதுப் பெண். உணவகத்தில் 40 வாரத்தில் 1,010 மணி, அதாவது வாரம் 25 சொச்சம். அந்த மேலாளர் ஒரு வாரம்கூட அவருக்கு 29ஐத் தாண்டிப் போட்டதில்லை. விருந்து மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பாத்திரமும் பரிமாறலுமாக 177 மணி. அது வேறு கம்பெனி, வேறு மேலாளர். சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு 48 மணி. அது பேரோலில் மட்டும் இருக்கிறது, எந்த அட்டவணையிலும் இல்லை. மூன்றையும் கூட்டினால் 1,235. சராசரி 30.9. மிச்சமிருக்கும் 12 வாரத்துக்கு F கட்டத்தில் 27 என்று வந்தது. அண்ணன் சொன்ன 29 மணி வேலியை அன்றிலிருந்து எல்லாக் கிளையும் சேர்த்துக் கறாராகக் கடைப்பிடித்திருந்தாலும் 348 மணி சேர்ந்து 1,583 ஆகியிருக்கும். வேலிக்கு உள்ளே நின்றபடியே கோட்டைத் தாண்டியிருப்பார்.

இரண்டாமவர் கல்லூரி மாணவர், பரிமாறும் வேலை. 40 வாரத்தில் 1,150 மணி. தேர்வுக் காலங்களில் அவர் அதிகம் வரவில்லை. அவருடைய F கட்டத்தில் 34 இருந்தது. கோடைவிடுமுறையில் கூடுதல் ஷிப்ட் கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு மேலாளர் 29ஐக் காட்டி மறுத்திருந்தார். வாரத்துக்கு ஐந்து மணி என்று 12 வாரத்துக்கு 60 மணிச் சம்பளம், எந்தக் காரணமும் இல்லாமல் அந்தப் பையனின் கையை விட்டுப் போக இருந்தது. எனக்கு உறுத்தியது இதுதான். உச்சவரம்பு தாண்டக்கூடாதவரைத் தடுக்கவில்லை, தடுக்கத் தேவையில்லாதவரைத் தடுத்தது.

என் சக ஊழியர் அந்தப் பெண்ணின் வரியைப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தினி மணி குறைச்சா தப்பிக்கலாம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஷிப்ட் தற்செயலாகக் கோட்டைத் தாண்டாமல் திட்டமிடுவது வேறு. ஒருவருக்குக் காப்பீட்டு உரிமை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவருடைய மணியை வெட்டுவது வேறு. ஊழியர் நலத்திட்டங்களுக்கான எரிசா சட்டத்தின் 510ஆம் பிரிவு இரண்டாவதைத் தடை செய்கிறது. மணி குறைக்கப்பட்ட ஓர் ஊழியர் ஓர் உணவகத் தொடர்மீது அந்தப் பிரிவின்கீழ் வழக்குத் தொடுத்தார். அதைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய 2016இல் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் மறுத்தது. அதனால் ஷீட்டின் குறிப்புக் கட்டத்தில் "இவருக்கு இன்சூரன்ஸ் வராமல் குறைக்கவும்" என்பது போன்ற வாக்கியம் யாரும் எழுதக் கூடாது என்று சொல்லிவைத்தோம். அப்படி எழுதாமல் விட்டால் மட்டும் போதாது, அப்படிச் செய்யவும் கூடாது.

அண்ணனிடம் நாங்கள் சொன்னது, இந்த நிலைக்கு வந்தவரைத் தெரிந்தே தாண்டவிடுங்கள், ஜனவரியில் காப்பீடு கொடுங்கள் என்பது. 2025ஆம் ஆண்டுக்கான அபராதக் கணக்கையும் காட்டினோம். மற்றவர்களுக்கெல்லாம் காப்பீடு கொடுத்து இவரை மட்டும் விட்டு, இவர் அரசின் காப்பீட்டுச் சந்தையில் மானியத்தோடு காப்பீடு வாங்கினால் ஆண்டுக்கு 4,350 டாலர், மாதத்துக்கு 362.50 டாலர். ஆனால் அண்ணன் முடிவெடுத்தது அந்த எண்ணைப் பார்த்து அல்ல. "அந்தம்மா சனிக்கிழமை வரலன்னா மண்டபம் ஓடாதுப்பா, கொடுத்துடலாம்" என்றார். அக்டோபர் இறுதியில் அந்தப் பெண் 1,590 மணியில் முடித்தார். நவம்பரில் படிவம் போனது.

லுக்-பேக்கிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. F கட்டம் ஆரம்பத்தில் மந்தமாகவும் கடைசியில் திடுமென்றும் நகரும். பத்தாவது வாரத்தில் ஒருவர் 330 மணி, அதாவது வாரம் 33, ஓடியிருந்தாலும் F 29.26 என்றுதான் காட்டும். யாருக்கும் பயம் வராது. அதே வேகத்தில் போனால் 42ஆம் வாரத்தில் அவருக்கு மிச்சம் வாரம் 17 மணிதான். அப்போது மேலாளர் பாதியாக வெட்டுவார், அந்தக் குடும்பத்தின் வாடகை தள்ளாடும், 510ஆம் பிரிவின் கேள்வியும் எழும். ஆகவே F பக்கத்தில் கடைசி நான்கு வாரச் சராசரியை இன்னொரு கட்டமாக வைத்தோம். அது F-ஐவிட மூன்று வாரம் தொடர்ந்து அதிகமாக இருந்தால் வரி மஞ்சளாகும். அந்தப் பெண்ணின் வரி இந்த ஏற்பாடு இருந்திருந்தால் குளிர்காலத்திலேயே மஞ்சளாகியிருக்கும், பேச்சு ஆகஸ்ட் வரை காத்திருந்திருக்காது.

D கட்டம் எப்போதும் 52 அல்ல. குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டப்படி எடுத்த சம்பளமில்லா விடுப்பு, ஜூரி அல்லது ராணுவக் கடமைக்கான சம்பளமில்லா விடுப்பு ஆகிய வாரங்களைச் சராசரியிலிருந்து நீக்க வேண்டும். ஒருவர் பிரசவத்துக்கு ஆறு வாரம் போய்வந்து 1,400 மணி வேலை செய்திருந்தால், 1,560க்கு எவ்வளவோ கீழே என்று தோன்றும். 46 வாரத்தால் வகுத்தால் 30.4. அவர் முழுநேரம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கடிகாரம் இரண்டு. மார்ச் 10இல் சேர்ந்த ஒருவருக்கு ஏப்ரல் 1 முதல் மறு மார்ச் 31 வரை தனி அளவீடு, ஏப்ரல் மாதம் நிர்வாகம், மே 1 முதல் நிலைக் காலம். இதற்கு நடுவே நவம்பரில் எல்லோருக்குமான அளவீடும் அவருக்கு ஓடத் தொடங்கிவிடும். எனவே ஒரே ஆளுக்கு இரண்டு F கட்டம் வேண்டும். சேரும்போதே வாரம் 30 மணியோ அதற்கு மேலோ வேலை இருக்கும் என்று எதிர்பார்த்து எடுத்த ஆளுக்கு இந்த ஓராண்டுக் காத்திருப்பு பொருந்தாது. வேலையின் நான்காவது முழுக் காலண்டர் மாதத்தின் முதல் நாளுக்குள் காப்பீடு முன்வைக்க வேண்டும்.

இன்னொன்று, நிலைக் காலத்தில் ஏற்கெனவே முழுநேரமாக இருப்பவருக்கு இந்த ஆண்டு மணியைக் குறைத்து அந்த ஆண்டின் காப்பீட்டை எடுத்துவிட முடியாது. அவருடைய வரியில் மஞ்சளைப் பார்த்து ஷிப்ட் குறைப்பது இரட்டை நஷ்டம். அதனால் அவர்கள் பெயர்களை நீல நிறத்தில் வைத்துவிட்டோம்.

ஷிப்ட் மென்பொருளின் எச்சரிக்கை போதாதா என்று அண்ணன் கேட்டார். பல மென்பொருள்களில் வார எச்சரிக்கை இருக்கிறது, சிலவற்றில் 12 மாதக் கணக்கும் உண்டு. மூன்று கிளையிலும் ஊழியர் வந்துபோகும்போது பதிவாகும் பஞ்ச் மணியும் பேரோலின் விடுப்பு மணியும் ஒரே ஊழியர் எண்ணில் அதற்குள் வந்து சேர்ந்தால் தாராளமாக வாங்கலாம். சேரவில்லையென்றால் அதுவும் ஒரு கிளையை மட்டும் பார்க்கும் மேலாளர்தான். எங்களுக்கு அப்போது சேரவில்லை. ஆகவே பேரோல் முடிந்த வாரங்களுக்குப் பேரோல் மணி, அதற்குப் பிந்தைய நாட்களுக்குப் பஞ்ச் மணி, வரப்போகும் வாரத்துக்கு அட்டவணை மணி என்று மூன்றையும் ஒட்டி ஷீட்டை ஓட்டுகிறோம். பேரோல் வந்ததும் பஞ்ச் மணியை நீக்கிவிட வேண்டும். ஒரு முறை அதை மறந்ததில் பதினோரு பேருக்கு ஒரு வாரம் இரட்டிப்பாக ஏறியது. அன்றிலிருந்து `Hours` தாளில் பேரோல் முடிந்த வாரங்களின் மொத்தத்தைப் பேரோல் அறிக்கையின் மொத்தத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் பூஜ்யமானால்தான் அட்டவணை மேலாளர்களுக்குப் போகிறது. விடுப்பு மணியும் அந்த அறிக்கையில்தான் வருகிறது.

அண்ணனின் மூன்று இடங்களுக்கும் லுக்-பேக், மோட்டல்காரருக்கு மாதக் கணக்கு என்று முடிவானது. ஒரே முதலாளியிடம் மணிக்கூலிக்காரர்களில் இவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று முறையை ஆள் பார்த்துப் பிரிக்க முடியாது. மாதச் சம்பளக்காரர், மணிக்கூலிக்காரர், வெவ்வேறு மாநிலத்தவர் என்று சட்டம் ஒப்புக்கொண்ட வகைகளில் மட்டுமே பிரிக்கலாம். 29 மணி வேலியை அண்ணன் கைவிட்டார். இப்போது திங்கள் மாலை ஆறரைக்கு மேலாளர்களுக்கு ஊழியர் பெயரும் அந்த வார F எண்ணும் மட்டும் உள்ள ஒரு பட்டியல் போகிறது. அந்த மாணவரின் பெயருக்கு எதிரே 34 என்று பார்த்த மேலாளர் அன்றே அவரைக் கூப்பிட்டு இரண்டு ஷிப்ட் கொடுத்தார்.